திருவையாற்று விழாவும் நன்றியுரையும்

தஞ்சைக்கு வடக்கே காவிரியாற்றின் கரையில் திருவையாறு என்னும் பழம்பதி உள்ளது. இசைவாணர் தியாகராசர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஊர் இதுவே. அவர் 1767-ஆம் ஆண்டு திருவாரூரில் பிறந்தார். 1847-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 6-ஆம் நாள் திருவையாற்றில் மறைந்தார். அவருடைய உடல் காவிரிக் கரையில் அடக்கம் செய்யப்பெற்றது. அவர் மறைந்த நாள் புஷ்ய மாதத்துத் தேய்பிறைப் பஞ்சமி ஆகும். ஆண்டுதோறும் அந்நாளில் அவ்விடத்தில் நடைபெறும் இசை வழிபாட்டை ஆராதனை என்பர்.

ஆராதனை நாளன்று விடியற்காலையில் தியாகராசர் வாழ்ந்த இல்லத்திலிருந்து அடியார்கள் உஞ்சவிருத்திப் பசனை செய்துகொண்டு புறப்படுவர். வீடு வீடாகச் சென்று பாடி, மக்கள் இடும் அரிசியைப் பெற்று வாழ்வது உஞ்சவிருத்தி எனப்படும். தியாகராசர் அவ்வாறு வாழ்ந்தவர். ஆதலின் அவரை நினைக்கும் நாளும் அவ்வாறே தொடங்குகிறது. பின்னர் நாதசுரத்தின் மங்கல இசை முழங்கும். அதன்பின் இசைவாணர் அனைவரும் இரு மருங்கும் எதிரெதிராக அமர்ந்து, பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் ஐந்தையும் ஒரே குரலாகப் பாடுவர். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, சிறீராகம் என்னும் ஐந்து இராகங்களில் அமைந்தவை அவை. முதியவரும் இளையவரும், புகழ் பெற்றவரும் பயிலுநரும் அவ்வரிசைகளில் கலந்து அமர்வர். பாடுவோர் எவரும் ஊதியம் பெறுவதில்லை.

இவ்விழாவைப் பின்பற்றி வேறு பல ஊர்களிலும் ஆராதனை விழாக்கள் நடைபெறுகின்றன. கடல் கடந்தும் இவ்வழக்கம் பரவியுள்ளது. அமெரிக்க நாட்டின் கிளீவ்லாந்து நகரில் 1978-ஆம் ஆண்டு தொடங்கிய தியாகராசர் விழா இதற்குச் சான்றாகும். இத்தகைய விழாக்களின் தொடக்கத்தில் விழாக் குழுவைச் சேர்ந்த ஒருவர் மேடையேறிச் சிறிது நேரம் பேசுவது வழக்கம். வந்தவரை வரவேற்பதும், தொண்டர்க்கும் இசைவாணர்க்கும் விருந்தோம்புவார்க்கும் நன்றி கூறுவதும் அவ்வுரையின் பணிகள். மிகச் சிறியதாகத் தோன்றும் அவ்வுரையைச் செம்மையாக அமைப்பது எவ்வாறு என்பதே இப்பாடத்தின் பொருள்.

நன்றி என்னும் சொல்

'நன்றி' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழில் நன்மை, உதவி என்பனவே பொருள். ஒருவர் செய்த உதவியைச் 'செய்ந்நன்றி' என்றனர். அதனை மறவாது உள்ளத்தில் கொள்ளுதலைச் 'செய்ந்நன்றி அறிதல்' என்றனர். திருக்குறளின் 11-ஆம் அதிகாரம் இப்பெயரையே தாங்கி நிற்கிறது. இக்காலத்தில் நாம் நன்றி 'கூறுகிறோம்'. அக்காலத்தார் நன்றியை 'அறிந்தனர்'. இவ்வேறுபாடு சிறிதன்று. அறியாத ஒன்றைக் கூற இயலாது. எவர் எதனைச் செய்தார், அதற்கு எவ்வளவு உழைத்தார் என்பதை அறிந்த பிறகே அவருக்கு நன்றி கூறுதல் பொருளுடையதாகும். அறியாமல் கூறும் நன்றி வாய்ச்சொல்லாகவே நின்றுவிடும்.

ஆகவே நன்றியுரை மேடையில் தொடங்குவதன்று. விழாவுக்குப் பல நாள் முன்னரே, பந்தல் போடும் இடத்திலும் அடுக்களையிலும் அது தொடங்கிவிடுகிறது. பேசப்போகிறவர் அங்கெல்லாம் சென்று, நடப்பதைக் கண்ணால் கண்டு, கேட்டுத் தெரிந்து, குறித்துக்கொள்ளவேண்டும்.

மறக்கப்பட்ட நன்றி

அறியாமையாலும் மறதியாலும் எத்தகைய குறை நேரும் என்பதற்குத் திருவையாற்று விழாவின் வரலாறே சான்று கூறுகிறது. தியாகராசர் மறைந்த பின்னர் அவருடைய சமாதி நெடுங்காலம் பேணுவாரின்றிக் கிடந்தது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அவருடைய மாணவர்களாகிய உமையாள்புரம் கிருஷ்ண பாகவதரும் சுந்தர பாகவதரும் அதனைச் சீர்ப்படுத்தினர். அதன்பின் ஆண்டு விழாக்கள் தொடங்கின. ஆனால் விழா நடத்துவோரிடையே கருத்து வேறுபாடு தோன்றிப் பெரிய கட்சி, சின்னக் கட்சி என இரு பிரிவுகள் உண்டாயின. இரண்டும் தனித்தனியே விழா நடத்தின. இரண்டிலும் பெண்கள் பாடுவதற்கு இடமளிக்கப்படவில்லை.

அந்நாளில் சென்னையில் பெரும்புகழுடன் விளங்கிய இசைவாணர் பெங்களூர் நாகரத்தினம்மாள். சமாதி சீரழிந்து கிடக்கும் செய்தியைத் தம் ஆசிரியர் எழுதிய கடிதத்தின் வாயிலாக அறிந்து அவர் வருந்தினார். தாம் ஈட்டிய பொருளையும் நகைகளையும் செலவிட்டு அவ்விடத்தில் கோயில் எழுப்பினார். 1926-ஆம் ஆண்டு அக்கோயிலின் குடமுழுக்கு நடைபெற்றது. கோயிலைக் கட்டியவர் அவர். எனினும் பெண் என்னும் காரணத்தால் அக்கோயிலின் விழாவில் பாட அவருக்கு வாய்ப்பில்லை. ஆகவே 1927-ஆம் ஆண்டில் அவர் பெண் கலைஞரைத் திரட்டித் தனியே விழா நடத்தினார். அதனைப் பெண்கள் கட்சி என்றனர். இவ்வாறு ஒரே இசைவாணரை வணங்கும் விழா மூன்றாகப் பிரிந்து நடந்தது. 1940-ஆம் ஆண்டு மூன்று பிரிவுகளும் ஒன்றாக இணைந்தன. அதன்பின் ஆணும் பெண்ணும் ஒரே விழாவில் பாடலாயினர். நாகரத்தினம்மாள் 1952-ஆம் ஆண்டு மறைந்தார். அவருடைய நினைவிடம் தியாகராசர் சமாதியை நோக்கியவாறு அங்கேயே அமைந்துள்ளது.

ஒருவருடைய உழைப்பைப் பெற்றுக்கொண்டு அவருக்குரிய இடத்தை மறுப்பதே நன்றி மறத்தலின் கொடிய வடிவம். கோயிலின் சுவரை ஏற்றுக்கொண்டவர்கள் அதை எழுப்பியவரின் பாட்டை ஏற்கவில்லை. விழாவின் தொடக்கவுரையில் யாரைக் குறிப்பிடுவது, யாரை விடுவது என்பது வெறும் சடங்கு அன்று என்பதை இது காட்டுகிறது. மேடையில் ஒலிக்கும் பெயர் விழாவில் ஒருவருக்குள்ள இடத்தைக் காட்டுவதாகும்.

உரையின் அளவு

ஓர் எடுத்துக்காட்டைக் கொண்டு இதனை விளக்கலாம். காவிரி நாட்டில் ஒரு சிற்றூரில் மூன்று நாள் ஆராதனை விழா நடைபெறுவதாகக் கொள்வோம். 40 தொண்டர்கள் பணி செய்கின்றனர். நாளொன்றுக்கு 30 குழுவினர் பாடவும் இசைக்கவும் உள்ளனர். வெளியூர்க் கலைஞரை 12 இல்லத்தார் தம் வீடுகளில் தங்கவைத்துள்ளனர். விழாக் குழுவின் செயலாளர் தொடக்கவுரை ஆற்றவேண்டும்.

அவர் முதலில் எண்ணவேண்டுவது காலத்தை. ஒவ்வொரு குழுவுக்கும் பத்து நிமிடம் எனின், 30 குழுவினர்க்கு ஐந்து மணி நேரம் ஆகும். செயலாளருக்கு ஐந்து நிமிடம் ஒதுக்கப்பட்டிருக்க, அவர் 25 நிமிடம் பேசிவிட்டால் 20 நிமிடம் குறையும். அது இரண்டு குழுவினர் பாடவேண்டிய நேரம். பல கல் தொலைவிலிருந்து வந்து, ஆண்டு முழுதும் பயின்ற ஒரே ஒரு கீர்த்தனையைப் பாடக் காத்திருக்கும் மாணவி ஒருத்தி பாடாமலே திரும்ப நேரிடலாம். அவளுக்கு நன்றி கூறும் உரையே அவளுடைய வாய்ப்பைப் பறித்ததாக முடியும்.

மேடையில் நிறுத்தி நிதானமாகப் பேசுவோர் நிமிடத்திற்கு ஏறக்குறைய 80 முதல் 100 சொற்கள் வரை பேசலாம். எனவே ஐந்து நிமிட உரைக்கு 400 முதல் 500 சொற்கள் போதும். செயலாளர் தம் உரையை எழுதி, உரக்கப் படித்து, கடிகாரம் கொண்டு அளந்துகொள்ளவேண்டும். எழுதாது பேசுவோர் பெரும்பாலும் தொடக்கத்தில் விரிவாகப் பேசி, இறுதியில் நேரம் போதாமல் விரைவர். விருந்தோம்பியவரும் சமையல் செய்தவரும் இறுதியிலேயே வருவராதலின், அவர்களே விடுபட்டுப் போவர்.

தொண்டர்க்கு நன்றி

விழாவில் தொண்டர் பணி கண்ணுக்குப் புலப்படாதது. அது செம்மையாக நடந்தால் எவரும் அதனைக் காண்பதில்லை. குறைபட்டால் எல்லாரும் காண்பர். பந்தலின் கீற்று நன்கு வேயப்பட்டிருந்தால் பாடுவோரையும் கேட்போரையும் பனி தாக்குவதில்லை. ஆற்றங்கரையில் தைத் திங்களின் இரவுப் பனி கடுமையானது. அது தோற்கருவிகளின் ஒலியைத் தளர்த்தும். நரம்புக் கருவிகளின் சுருதியை மாற்றும். எனவே கீற்றை நெருக்கி வேய்ந்தவர் இசைக்கும் தொண்டு செய்தவரே ஆவர்.

குடிநீர்ப் பணியையும் எண்ணிப் பார்க்கலாம். நாள் முழுதும் ஆயிரம் பேர் அமர்ந்து கேட்கும் பந்தலில், ஒருவருக்கு இரண்டு லிட்டர் என்று கொண்டால் 2,000 லிட்டர் நீர் வேண்டும். 15 லிட்டர் கொள்ளும் குடங்களில் கொணர்ந்தால் 130 முறைக்கு மேல் நடக்கவேண்டும். இவ்வெண்ணை அறிந்த செயலாளர், "தண்ணீர் கொடுத்த தொண்டர்களுக்கும் நன்றி" என்று கடந்துபோக மாட்டார்.

நேரங்காக்கும் தொண்டரின் பணி இன்னும் கடினமானது. ஒதுக்கிய பத்து நிமிடம் முடிந்ததும் பாடுவோர்க்குக் குறிப்புக் காட்டவேண்டும். பாடுவோர் முதியவராகவும் பெரும்புகழ் வாய்ந்தவராகவும் இருக்கலாம். அவர் பாட்டில் கேட்போர் மயங்கியிருக்கலாம். அந்நேரத்தில் பணிவுடன் சீட்டை நீட்டுபவர் எவருடைய அன்பையும் பெறுவதில்லை. ஆயினும் அவர் கடமை தவறினால் இறுதியில் பாடவேண்டியவர்கள் பாட இயலாது. ஆகவே செயலாளர் தம் உரையில் அவரைத் தனியே குறிப்பிடுதல் முறை. அவ்வாறு குறிப்பிடுவதால் மற்றொரு பயனும் உண்டு. பாடுவோரும் கேட்போரும் அவர் பணியை முன்னரே அறிந்து ஒத்துழைப்பர்.

செயலாளர் இவ்வாறு பேசலாம்:

"இப்பந்தலில் 600 தென்னங்கீற்றுகள் உள்ளன. நம் ஊர் இளைஞர் பன்னிருவர் நான்கு நாள் உழைத்து இவற்றை வேய்ந்தனர். இன்று நம்மீது பனி விழாதிருப்பது அவர்கள் செய்த நன்மை. வாயிலில் நம் காலணிகளைக் காத்து நிற்கும் சிறுவர்களுக்கு மேடையில் நடப்பது தெரியாது. பாட்டு மட்டுமே காதில் விழும். அவர்கள் மாறி மாறி உள்ளே வந்து அமர்ந்து கேட்க ஏற்பாடு செய்துள்ளோம். நேரங்காக்கும் அன்பர் சீட்டைக் காட்டும்போது அவரைக் கடிந்துகொள்ளாதீர். அவர் காப்பது அடுத்துப் பாடப்போகும் ஒருவரின் நேரத்தை."

இப்பகுதியில் 'தன்னலமற்ற', 'அயராத', 'ஒப்பற்ற' என்னும் அடைமொழிகள் ஒன்றும் இல்லை. செய்த செயலே கூறப்படுகிறது. காலணி காக்கும் சிறுவர்க்கு நன்றி கூறியதோடு நில்லாமல், அவர்கள் இழக்கும் இசையை அவர்களுக்கு அளிக்கவும் வழி செய்யப்பட்டது. செயலோடு கூடிய நன்றி இதுவே.

இசைவாணர்க்கு நன்றி

ஆராதனை விழாவில் இசைவாணர் பொருள் பெறுவதில்லை என்பது முன்னரே கூறப்பட்டது. இதற்குத் தியாகராசரின் வாழ்வே வழிகாட்டி. தஞ்சை மன்னர் அளிக்க விரும்பிய பெரும்பொருளை அவர் ஏற்கவில்லை என்று மரபாகக் கூறுவர். அவரை வணங்கும் நாளில் பாட்டையே காணிக்கையாகச் செலுத்துவது கலைஞர் மரபாயிற்று. எனவே இவர்களுக்கு நன்றி கூறும்போது, வேறிடத்தில் எவ்வளவு பொருள் பெறுபவர் என்பதையோ, எத்தனை பட்டங்கள் பெற்றவர் என்பதையோ விரித்துரைப்பது பொருந்தாது. அவ்வாறு கூறின், பட்டம் பெறாத இளைஞரின் காணிக்கை சிறியதாகத் தோன்றும். பஞ்சரத்தினம் பாடும் வரிசையில் முன்னவர் பின்னவர் என்ற வேறுபாடு இல்லை. உரையிலும் அது தோன்றலாகாது.

இங்கே அடிக்கடி நேரும் குறை ஒன்று உண்டு. பாடகரின் பெயரைக் கூறிப் பக்கவாத்தியக் கலைஞரை மறப்பது அது. வயலின், மிருதங்கம் ஆகியவற்றை இசைப்போரை ஓரளவு நினைவுகூர்வர். கஞ்சிராவும் கடமும் முகர்சிங்கும் இசைப்போர் சில வேளைகளில் விடுபடுவர். பின்னே அமர்ந்து தம்பூரா மீட்டுபவரை நினைப்பார் அரியர். ஆனால் தம்பூராவின் நான்கு நரம்புகள் இடையறாது ஒலித்தால்தான் பாடகர் சுருதியில் நிற்க இயலும். மேலும் ஒரு நாள் விழாவில் பாடகர் பத்து நிமிடம் பாடிச் செல்ல, மிருதங்கக் கலைஞர் ஒருவரே அடுத்தடுத்துப் பல குழுவினர்க்கு வாசிப்பதும் உண்டு. உழைப்பின் அளவை நோக்கினால் அவருடையதே மிகுதி.

மிருதங்கக் கலைஞர் மேடையேறுமுன் செய்யும் ஆயத்தத்தையும் பேசுவோர் அறிந்திருத்தல் வேண்டும். மிருதங்கத்தின் இடப்பக்கத் தோலில், நீர் விட்டுப் பிசைந்த ரவையை அப்புவர். அதனால் அப்பக்கம் ஆழ்ந்த ஒலியைத் தரும். வலப்பக்கத்தைக் கல்லும் கட்டையும் கொண்டு தட்டிப் பாடகரின் சுருதியோடு சேர்ப்பர். ரவை நெடுநேரம் காத்திருந்தால் உலரத் தொடங்கும். உலர்ந்தால் ஒலி மாறும். பனியில் சுருதியும் மாறும். மேடையில் உரை நீளும்போது கலைஞர் விரலால் தோலை மெல்லத் தட்டிப் பார்ப்பார்; ரவையை நீர் தொட்டு நனைப்பார்; தம்பூராவின் பிரடையைத் திருகுவார். பேச்சு அளவு கடந்துவிட்டது என்பதற்கு அதனினும் தெளிவான அறிகுறி வேறில்லை. அதனைக் கண்ட பேச்சாளர் எஞ்சிய சொற்களைச் சுருக்கிக்கொண்டு அமர்தல் நலம்.

இத்தகைய விழாக்களில் அருகருகே இரண்டு மேடைகள் அமைப்பதும் உண்டு. ஒன்றில் பாட்டு நடக்கும்போது மற்றொன்றில் அடுத்த குழுவினர் அமர்ந்து ஆயத்தமாவர். சுருதி சேர்க்கும் ஒலி பாட்டைக் கெடுக்காதிருக்க அவர்கள் மிக மெல்லச் சேர்ப்பர். பிறர் பாட்டு நிறைவுறக் காத்திருக்கும் அப்பொறுமையும் நன்றிக்குரியது.

செயலாளர் இவ்வாறு பேசலாம்:

"இங்கே பாட வந்துள்ள 30 குழுவினரையும் வணங்கி வரவேற்கிறோம். ஒவ்வொரு குழுவிலும் பாடுபவரின் பெயரோடு, வயலினும் மிருதங்கமும் பிறவும் இசைப்போர் பெயரும், தம்பூரா மீட்டுபவரின் பெயரும் அறிவிக்கப்படும். இன்று முதன்முறையாக மேடையேறும் மாணவ மாணவியர் எழுவர் உள்ளனர். அவர்கள் பாடும்போது முன்வரிசையில் உள்ள பெரியோர் எழுந்து செல்லாமல் அமர்ந்து கேட்க வேண்டுகிறோம். காவிரிக் கரையில் கோயில் எழுப்பிய நாகரத்தினம்மாளுக்கு அங்கே பாட ஒருகாலத்தில் இடமில்லாதிருந்தது. இம்மேடையில் பாட விரும்பி வந்த எவர்க்கும் இடமில்லை என்னும் சொல் எழலாகாது."

இறுதி வாக்கியங்கள் வரலாற்றை நினைவூட்டுகின்றன. அவை எவரையும் பழிக்கவில்லை. முன்னாளில் நேர்ந்த குறையைக் கூறி, இந்நாளில் செய்யவேண்டிய கடமையை உணர்த்துகின்றன.

விருந்தோம்பியவர்க்கு நன்றி

வெளியூர்க் கலைஞர் தங்குவதற்கு இடம் வேண்டும், உணவு வேண்டும். சிற்றூர்களில் இவ்விரண்டையும் இல்லத்தார் ஏற்பது பழைய வழக்கம். பாடகரைத் தங்கவைப்பது பிற விருந்தினரைத் தங்கவைப்பது போன்றதன்று. விடியற்காலையில் குரல் பயிற்சி செய்வதற்கு அமைதியான அறை வேண்டும். குடிக்க வெந்நீர் வேண்டும். குரலுக்கு ஆகாதெனச் சிலர் தயிரையும் குளிர்ந்த பண்டங்களையும் விலக்குவர். பாடுமுன் வயிறு நிறைய உண்ணாதவரும் உண்டு. கச்சேரி முடிந்து நள்ளிரவில் அவர்கள் திரும்பும்போது சூடான உணவு இருத்தல் வேண்டும். இவற்றையெல்லாம் செய்பவர் பெரும்பாலும் அவ்வில்லத்துப் பெண்டிர். அவர்கள் விடியுமுன் எழுந்து வெந்நீர் வைத்து, நள்ளிரவு வரை அடுப்பைக் காத்திருப்பர். விழா நடக்கும் பந்தலுக்கு வர அவர்களுக்கு நேரம் வாய்ப்பது அரிது. நன்றி கூறப்படும்போது அதனைக் கேட்க அவர்கள் அங்கே இருப்பதில்லை.

இதனால் இரண்டு கருத்துகள் புலனாகின்றன. முதலாவது, இல்லத்தின் தலைவர் பெயரை மட்டும் கூறுவது போதாது. அடுக்களையில் உழைத்தவரையும் சேர்த்துக் கூறவேண்டும். இரண்டாவது, மேடையில் கூறிய நன்றியோடு கடமை முடிந்துவிடாது; விழாக் குழுவினர் நேரில் அவ்வில்லங்களுக்குச் சென்று நன்றி கூறவும் வேண்டும்.

விருந்தோம்பியவர்க்கு நன்றி கூறுவதில் ஓர் எல்லையும் உண்டு. இன்னார் இத்தனை பேர்க்குச் சோறிட்டார், இத்தனை ரூபாய் செலவிட்டார் என்று கணக்குக் கூறலாகாது. தொண்டரின் உழைப்பை எண்ணிக் கூறினால் அவர்க்குப் பெருமை. விருந்தின் செலவை எண்ணிக் கூறினால் உண்டவர்க்கு நாணம். இல்லத்தார் சிலர் தம் பெயர் வெளிப்படுவதை விரும்பார். அவர்களிடம் முன்னரே கேட்டு அறிந்து, அவர்கள் விருப்பப்படி நடத்தல் வேண்டும்.

செயலாளர் இவ்வாறு பேசலாம்:

"நம் ஊரில் பன்னிரண்டு இல்லங்கள் இம்மூன்று நாளும் இசைவாணரின் இல்லங்களாகிவிட்டன. அவ்வில்லங்களில் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய தாய்மார்களும் சகோதரிகளும் இன்னும் பந்தலுக்கு வரவில்லை. அவர்கள் வரும்போது அமர்வதற்கென மேடையின் வலப்புறத்தில் இடம் ஒதுக்கியுள்ளோம். மூன்றாம் நாள் பிற்பகல் அடுக்களைப் பணியைத் தொண்டர்கள் ஏற்றுக்கொள்வர். அன்று அவர்கள் அனைவரும் இங்கு வந்து இசை கேட்க வேண்டுகிறோம்."

பெயர்களும் வரிசையும்

நன்றியுரையில் மிகுந்த இடர் தருவது பெயர்ப் பட்டியல். 40 தொண்டர், 12 இல்லத்தார், பொருளுதவி செய்தோர் என எல்லார் பெயரையும் படித்தால் உரையின் நேரம் முழுதும் அதிலேயே கழியும். சிலர் பெயரை மட்டும் கூறின், விடுபட்டவர் வருந்துவர். தொண்ணூற்றொன்பது பெயர் கூறி ஒன்றை விட்டாலும், விடுபட்ட அவ்வொன்றே ஊரில் நெடுநாள் பேசப்படும். "பெயர் குறிப்பிடாத மற்றையோர்க்கும் நன்றி" என்று இறுதியில் சேர்ப்பது இக்குறையைத் தீர்ப்பதில்லை. விடுபட்டோம் என்பதை அவர்க்கு உறுதிப்படுத்தவே செய்யும்.

இதற்கு ஒரு வழி உண்டு. எல்லார் பெயரையும் அகர வரிசையில் பெரிய எழுத்தில் எழுதிப் பந்தல் வாயிலில் தொங்கவிடலாம். எழுதும் முன்னர் ஒவ்வொரு பணிக்கும் பொறுப்பானவரிடம் காட்டிச் சரிபார்க்கவேண்டும். மேடையில் பெயர்களைப் படியாது பணிகளைக் கூறலாம். அகர வரிசையில் அமைத்தால் பொருள் கொடுத்தவர் முதலிலும் உழைப்புக் கொடுத்தவர் பின்னும் வரும் வேறுபாடு நீங்கும். பட்டியலில் ஒரு பெயர் விடுபட்டிருந்தால் உடனே எழுதிச் சேர்த்துவிடலாம். வாயினின்று விடுபட்ட சொல்லை அவ்வாறு சேர்த்தல் அரிது.

காலத்தைக் குறிக்கும் வினைச்சொற்களிலும் கருத்து வேண்டும். தொடக்கவுரையின்போது பந்தல் வேய்ந்தாயிற்று, நன்கொடை வந்தாயிற்று, ஆனால் பாட்டு இன்னும் பாடப்படவில்லை, மூன்றாம் நாள் உணவு இன்னும் சமைக்கப்படவில்லை. முடிந்த பணிக்கு நன்றி கூறலாம். தொடரும் பணிக்கு ஊக்கமும் உதவியும் கூறவேண்டும். "சிறப்பாகப் பாடிய அனைவர்க்கும் நன்றி" என்று பாட்டுக்கு முன்னரே கூறும் பேச்சாளர், நிறைவு விழாவுக்குரிய உரையைத் தொடக்கத்திலேயே படித்துவிட்டார் என்று அவையோர் நகைப்பர்.

எழுதிய உரை தக்கதா என்று அறிய எளிய சோதனை ஒன்றும் உண்டு. உரையில் உள்ள ஒவ்வொரு வாக்கியத்தையும் தனியே எடுத்து, அது பள்ளி விளையாட்டு விழாவுக்கும் நூல்நிலையத் திறப்பு விழாவுக்கும் பொருந்துமா என்று பார்க்கவேண்டும். "அனைவரும் அயராது உழைத்தனர்" என்பது எங்கும் பொருந்தும். ஆகவே அதில் அறிதல் இல்லை. "600 கீற்றுகளை நான்கு நாளில் வேய்ந்தனர்" என்பது இவ்விழாவுக்கே உரியது. அதனுள் அறிந்த நன்றி அடங்கியுள்ளது. முதல் வகை வாக்கியங்களை நீக்கிவிட்டால் உரை தானே ஐந்து நிமிடத்துள் அடங்கும்.

உரையின் முடிவு

தொடக்கவுரையின் முடிவில் பேச்சாளர் தம்மைப் பற்றியோ, விழாக் குழுவின் வெற்றியைப் பற்றியோ கூறுதல் வேண்டா. அவர் அவையோரை இசையிடம் ஒப்படைத்துவிட்டு விலகவேண்டியவர். ஆகவே அடுத்து நிகழ இருப்பதைக் கூறி முடித்தல் முறையாகும்:

"நாதசுரக் கலைஞர் மேடைக்கு வந்துவிட்டனர். மங்கல இசைக்குப்பின் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் பாடப்பெறும். அவற்றை அறிந்தோர் ஆணாயினும் பெண்ணாயினும், முதியராயினும் சிறுவராயினும் முன்வந்து அமர்ந்து உடன்பாட வேண்டுகிறோம். வணக்கம்."

இவ்வாறு பேசி அவர் அமர்ந்ததும் தவில் முழங்கும், நாதசுரம் ஒலிக்கும். கீற்று வேய்ந்த இளைஞர் பந்தலின் ஓரத்தில் நின்று கேட்பர். பாடுவோர் வரிசையில் பெண்கள் ஆண்களோடு சமமாக அமர்ந்திருப்பர். 1926-ஆம் ஆண்டில் கோயில் எழுப்பிய அம்மைக்கு அன்று கிட்டாத இடம் அது.